‘யார் பார்த்தது’ என்கிற கட்டம்

என் மகன் என் மருமகளை அடித்ததை ஆறு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். அதில் ஐந்து தடவை எழுந்து பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் சத்தம் கொஞ்சம் அடங்கும்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூட இரண்டு தடவை எச்சில் விழுங்குவேன். எங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபோது அதற்கு ஈடாக மகனுக்கு அங்கே வேலை கிடைத்தது, பிறகு பர்மனென்ட், பிறகு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரர் செத்த பிறகு நானும் அங்கேயே வந்துவிட்டேன். மகன் போடுகிற சோறு. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மைதான்.

கடைசியாக அடித்தது ஷூவால். காலை ஷிப்ட் முடித்து இரண்டரை மணிக்கு வந்தான். அவள் தன் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு ஷூவைக் கழற்றியிருந்தான், இன்னொன்று காலில். சுரங்கத்தில் போடுகிற ஷூவுக்கு முன்னால் இரும்பு இருக்கும். அதைத் தூக்கி அவள் தலையில் இறக்கினான். அவள் இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். காலில் இருந்த ஷூவால் விலாவில் இரண்டு உதை.

“யம்மா, சோறு போடு” என்றான்.

போட்டேன். ரசம் ஊற்றட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள். நர்ஸ் என்னைப் பார்த்து, “அப்படியா பாட்டிம்மா?” என்றார். “ஆமாங்க” என்றேன். அந்த நர்ஸ் நம்பவில்லை. அடுத்த வாரம் அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கட்டு மாற்றப் போனபோது, கடலூரில் பெண்களுக்கான பாதுகாப்பு அலுவலர் இருக்கும் இடத்தை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

அவள் நடந்ததையெல்லாம் நாலு நாளில் நாலு பக்கம் எழுதிவிட்டாள். ஒடிந்த கையோடு பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது என்று கடலூருக்கு என்னைக் கூப்பிட்டாள். என்னை நம்பி இல்லை, வேறு ஆள் இல்லாமல்.

அந்த அலுவலர் நாற்பது வயது இருக்கும் ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவள் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். நாலு பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி கிடையாது.

“‘தீவாளிக்கு அடிச்சத விட ஆடியில அடிச்சது கம்மி, ஆனா ஆடியில பெல்ட்டு, தீவாளிக்கு வெறுங்கை, கரண்டியால அடிச்சது மாதிரியேதான் குக்கர் மூடியாலயும், அதவிட கழுத்தப் புடிச்சது ரொம்ப, ஷூவுக்கு முன்ன இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, அத்தகூட சொன்னாங்க, எங்கூட்டுக்காரரு என்னை அடிச்சதுக்கு இது எவ்வளவோ தேவலன்னு...’”

கடைசி வரியைப் படிக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

“ஒவ்வொரு அடியும் இன்னொரு அடிமேல சாஞ்சிகிட்டு நிக்குதும்மா” என்றார் அவளிடம். “ஒண்ண உருவினா எல்லாம் விழுந்துடும். தனித்தனியா நிறுத்துவோம்.”

ஒரு பெரிய தாளை எடுத்து ஸ்கேலால் மேலிருந்து கீழே கோடு போட்டார். தலைப்பில் எழுதினார்: நாள், நேரம், இடம், எதனால் அடித்தது, என்ன காயம், செய்தவர், யார் பார்த்தது.

“ஒரு வரிசைக்கு ஒரு சம்பவம். ஒரு தலைப்புக்கு கீழ அந்த விஷயம் மட்டும்தான். தெரியலன்னா ‘நினைவில்லை’ன்னு எழுதுவோம், சும்மா விடக்கூடாது, ஊகிச்சும் எழுதக்கூடாது. ‘அதவிட’, ‘அதுமாதிரி’ எதுவும் வேணாம். கம்மின்னா எவ்வளவு கம்மி? வீக்கமா, ரத்தமா, பல்லு ஆடுச்சா? அதச் சொல்லு.”

“ஆடியில முதுகுல மூணு கோடு. ரத்தம் வந்துச்சிங்க.”

“தீபாவளிக்கு?”

“ஒதடு வீங்கிச்சி. ரத்தமில்ல.”

“இதுல எது கம்மி?”



நேரம் என்கிற கட்டத்தில் தகராறு வந்தது. ஒன்றுக்கு ‘ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டு’, ஒன்றுக்கு ‘சீரியல் போட்டப்ப’, ஒன்றுக்கு ‘சாயங்காலம்’.

“எனக்கு உங்க ஷிப்ட் தெரியாதும்மா. எல்லாத்தையும் மணியில சொல்லு.”

“எங்கூட்ல ஷிப்டுதாங்க கடியாரம்” என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். உதட்டில் பழைய தழும்பு இழுத்தது.

நான்காவது வரிசையில் எல்லாம் நின்றுபோனது. கேஸ் சிலிண்டர் வந்த செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி, கரண்டி, குக்கர் மூடி, கழுத்தைப் பிடித்தது. சிலிண்டர் வந்த குறுஞ்செய்தி போனில் இருந்ததால் தேதி உறுதியாகக் கிடைத்தது.

“அன்னிக்கி உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஷிப்ட்?”

“ஃபர்ஸ்ட் ஷிப்டுங்க. ரெண்டு மணி வரைக்கும்.”

அலுவலர் பேனாவை வைத்துவிட்டார். “அப்ப பன்னெண்டு மணிக்கு வீட்ல எப்படி இருந்தாரு? வேலையில இருந்ததுக்கு அட்டென்டென்ஸ் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு வரியப் புடிச்சா போதும், மீதி எல்லாத்தையும் பொய்யின்னுடுவாரு. இந்த வரிசைய எடுத்துடலாமா?”

“கழுத்தப் புடிச்சதுங்க அது! மூச்சே நின்னுபோச்சி!” மருமகள் குரல் உடைந்தது. “நடந்துச்சிங்க. பன்னெண்டு மணிதான். நான் பொய் சொல்றனா? எனக்கே கொழம்புதே...”

ஒடிந்த கையைக் கட்டோடு நெற்றியில் முட்டிக்கொண்டாள். அந்த வரிசையை எடுத்தால் அவளைக் கொல்லப் பார்த்தது எந்தத் தாளிலும் இருக்காது. அடுத்த முறை கையை விட்டுவிட்டுக் கழுத்தைத்தான் பிடிப்பான், எனக்குத் தெரியும். இரண்டு தடவை எச்சில் விழுங்கினேன்.

“அது ரெண்டு நாளுங்க” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“சிலிண்டர் வந்தப்ப அவன் வூட்ல இல்ல. நாந்தான் வாங்கி வெச்சன். கேஸு இல்லாம சமையல் லேட்டாயிடுச்சி. மூணு மணிக்கு வந்து, சோறு வேவலன்னு கொதிக்கிற சட்டியிலிருந்து கரண்டிய எடுத்து தோள்ல அடிச்சான். தோல் உரிஞ்சிது. குக்கர் மூடி வேற நாளு. பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழம, அவனுக்கு ஆஃபு. மத்தியானம் பன்னெண்டு. மூடியால காதோரம் அடிச்சிட்டு, கழுத்தப் புடிச்சி செவுத்துல தூக்கிகினு நின்னான். இவ கால் தரையில படல.”

“ஞாயித்துக்கெழமன்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க?”

“பொங்கலுக்குன்னு சனிக்கெழமதான் வெள்ளையடிச்சோங்க. மறுநாளே அந்த மூடி பட்டு செவுரெல்லாம் சாம்பாரு. நாந்தான் தொடச்சன்.”

அலுவலர் நான்காவது வரிசையை அடித்துவிட்டு இரண்டாக எழுதினார். இப்போது ஒவ்வொரு கட்டமும் அந்தந்தத் தலைப்புக்குச் சரியாக உட்கார்ந்தது. ஏழு சம்பவம்.

“யார் பார்த்தது?”

“நாந்தாங்க.”

“மத்த வரிசையிலயெல்லாம்?”

முதல் வரிசையிலிருந்து கேட்டார். பெல்ட் அடி விழுந்தபோது நான் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். அதில் ‘யாரும் இல்லை’. மற்ற ஆறிலும் ‘மாமியார்’ என்று எழுதினார். ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தச் சொல் இறங்கிக்கொண்டே வந்தது. நாலு பக்கத்தில் அங்கங்கே ஒளிந்திருந்தவள் இப்போது ஒரே கோட்டில் நின்றேன்.

“மீதி ஒரு வரி இருக்கு” என்றார், பழைய தாளைப் புரட்டி. “மாமியார் சொன்னது. சொல்லால துன்புறுத்தினதும் இதுல வரும். ஆனா ‘செய்தவர்’ங்கற எடத்துல இவங்க பேரு வரும். போடறதா, விடறதா? நீதாம்மா சொல்லணும்.”

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. “நடந்துச்சி இல்ல” என்றாள் மெதுவாக.

“போடுங்கம்மா” என்றேன் நான்.

எட்டாவது வரிசை. ‘எதனால்’ என்பதில் ‘வார்த்தை’. ‘செய்தவர்’: மாமியார். ‘யார் பார்த்தது’: யாரும் இல்லை.

அங்கிருந்தே அவள் வடக்குத்து என்கிற ஊரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாகக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினேன். “அம்மா வூட்டுக்கு போயிருக்கா” என்று மட்டும் சொன்னேன். கோர்ட் நோட்டீஸ் வரும் வரை அவன் அதை நம்பினான்.

நோட்டீஸோடு அந்தத் தாளின் நகலும் இருந்தது. நின்றபடியே படித்தான். படித்து முடித்ததும் டிவியைத் தூக்கித் தரையில் போட்டான். என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். கண்ணுக்குள் வெளிச்சம் தெறித்தது.

“என் சோத்த துன்னுகினு எனக்கே எழுதி வெச்சியா?”

“ஒரு கட்டமாவது பொய்யின்னு சொல்லுடா.”

அவன் தாளைக் குனிந்து எடுத்தான். விரல் வைத்து ஒவ்வொரு வரிசையாக வந்தான். வேலையில் மெஷின் ஓடிய கணக்கு எழுதுகிற லாக் ஷீட் பார்க்கிறவன், தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன். நாளைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். சிலிண்டர் வந்த நாளில் விரல் நின்றது, பிறகு அடுத்ததுக்குப் போனது. கடைசி வரை போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்துதான் என் வாயில் குத்தினான். கீழ்ப்பல் இரண்டு கையில் வந்தது. தெருவில் ஓடினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்தான் ஸ்கூட்டரில் வடக்குத்தில் கொண்டுபோய் விட்டார்.

கோர்ட்டில் அவன் வக்கீல் வரிசைகளைத் தொடவில்லை. என்னைத்தான் தொட்டார்.

“மருமக சொல்லிக்கொடுத்தத சொல்றீங்க. அவ வீட்லதான இப்ப இருக்கீங்க? அவளுக்கு சாதகமாத்தான பேசுவீங்க?”

நீதிபதி அம்மா தாளைப் புரட்டிக்கொண்டே, “எட்டாவது வரிசை யாரப் பத்தினது?” என்றார்.

“என்னப் பத்தினதுங்க.”

“கேக்கல.”

“நான் செஞ்சதுங்க அது. மருமகள நான் சொன்னதுங்க.”

“அது உண்மையா?”

“உண்மைங்க.”

“சொல்லிக்கொடுத்த சாட்சி தன் மேலயே ஒரு வரிசைய ஒத்துக்குமா வக்கீல் சார்?” என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அவளை அடிக்கக்கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டார்கள். மகன் என்னைக் கடந்து போனான். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை, அங்கே யாருமே நிற்காத மாதிரி போனான். அவன் படி இறங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் இல்லையா.

வெளியே வேப்பமரத்தடியில் நானும் மருமகளும் நின்றோம். உத்தரவுத் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நான் உங்கள மன்னிக்கல அத்த” என்றாள்.

“தெரியும்மா.”

“வாங்க, பஸ்ஸு வந்துடுச்சி.”