விடை சரி, முட்டை

கல்லூரியில் அவருக்கு முட்டை வாத்தியார் என்று பெயர். விடை சரியாகவே இருந்தாலும், காரணம் பிசகினால் முட்டைதான். இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் அவர் இரங்கியதில்லை.

அன்று பெயர் மறைத்த விடைத்தாள்களைத் திருத்திவிட்டு வந்தவர், சாப்பிட உட்கார்ந்ததுமே சிரித்தார்.

"1/(x+√x)-ஐ ஒண்ணுலேர்ந்து முடிவிலி வரைக்கும் தொகையிடணும். ஒரு மண்டு எழுதியிருக்கு: இது 1/x-ஐ விடச் சின்னது, 1/x-ஓட தொகை முடிவில்லாம விரியும், அதனால இதுவும் விரியுமாம்! விரியறதை விடச் சின்னது ஒரு எண்ணுல போய்க் குவியவும் செய்யலாமே? √x, x-ஐத் தாண்டாது. அதனால இது 1/(2x)-க்குக் குறையாது, அதுவே விரியும்னு காட்டியிருக்கணும்."

அதே பரீட்சை எழுதிய மகள் கேட்டாள். "முட்டையாப்பா?"

"பின்னே? அதுலயே ஆள் ஃபெயில்."

அவள் எழுந்துபோய் நோட்டைக் கொண்டுவந்து விரித்து வைத்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் அவசரத்தில் அவரே போட்டுக் கொடுத்த கணக்கு. அதே வரி, அவர் கையெழுத்தில்.

அவர் கை கழுவிவிட்டு வந்து, சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

"நான் எழுதினா என்ன, உன் மூளை எங்க போச்சு?"