நாலாவது துண்டு

உம்மு சல்மா எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். வீடு பேகம்பூரில். இருபது வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலி, நான் தமிழ் டீச்சர். டப்பாவைத் திறந்தால் எனக்கு ஒரு கரண்டி வைக்காமல் சாப்பிடமாட்டார். பிள்ளைகளைத் திட்டத் தெரியாது. அதற்கு நான் இருந்தேன்.

இப்போது விட்டுவிட்டார், முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிர் போடுவார். ஒரு வாக்கியத்தின் எழுத்துகளை மேலும் கீழுமாக இரண்டு வரியில் மாற்றி மாற்றி எழுதி, மேல்வரியை முழுதும் எடுத்தபின் கீழ்வரியை எடுத்தால் ஒரு ரகசிய எழுத்து. கட்டத்தில் வரி வரியாக நிரப்பி, செங்குத்துப் பத்திகளின் வரிசையைக் கலைத்து, மேலிருந்து கீழாக எடுத்தால் இன்னொன்று. பிள்ளைகளும் எழுதிப் பெயரில்லாமல் ஒரு பெட்டியில் போடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மேசைக்குக் கீழே ஒரு சீட்டு கிடந்தது. பெட்டியிலிருந்து விழுந்தது என்று நினைத்து, அதைக் கரும்பலகையில் எழுதினார்: பா ல் கா அ றை ரு சி இ ர் ப் யி க்.

“இது யாரு போட்டது?”

யாரும் கை தூக்காமல், பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

முதலில் பாதியாகப் பிரித்து மேலொன்று கீழொன்றாகப் படித்தார்கள். ‘பாசி’ என்று ஆரம்பித்தது, அதற்கப்புறம் வெறும் உளறல்.

“அப்ப இது கட்டம்தான்” என்றார் டீச்சர். பன்னிரண்டு எழுத்தையும் மும்மூன்றாக நாலு காகிதத் துண்டில் மேலிருந்து கீழாக எழுதி ஒட்டினார். “இடம் மாத்திப் பாருங்க. ஒரு வரியில வார்த்தை வந்தா மத்த வரியும் வார்த்தையாகணும்.”

மூன்று துண்டு சேர்ந்ததும் மேலே ‘அப்பா’ வந்தது. அடியில் ‘றையில்’, அதற்கும் அடியில் ‘ருக்கா’. வகுப்பே கைதட்டியது. பின்வரிசையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்த நானும் தட்டினேன். நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. சந்தோஷத்தில் நாலாவது துண்டை டீச்சரே கடைசியில் ஒட்டினார்.

அப்பாசி
றையில்இ
ருக்கார்

“அப்பா சிறையில் இருக்கார்” என்று முன்வரிசை சேர்ந்து வாசித்தது.

அன்புக்கரசி சட்டென்று திரும்பித் தன் தோழி சுகன்யாவைப் பார்த்தாள். சீட்டு அவளுக்கென்று சுகன்யா எழுதியது. அந்த ஒரு பார்வையில் மொத்த வகுப்பும் திரும்பியது. அப்பா துபாயில் வேலை பார்ப்பதாகத்தான் சுகன்யா சொல்லிவந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. டீச்சர் மூன்று தடவை வீட்டுக்குப் போனார், கதவு திறக்கவில்லை. பத்தாம் நாள் அம்மாவோடு டி.சி. வாங்க வந்தாள். இனி நிலக்கோட்டையில் சித்தி வீட்டில் இருந்து படிப்பு.

உம்மு சல்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரியாமப் பண்ணிட்டேம்மா. என்னய மன்னிச்சிரு.”

“ஒங்க தப்பில்ல டீச்சர். நான்தான் நாலு பத்தி போட்டுட்டேன். ஆறு போட்டிருந்தா பத்திக்கு ரெண்டே எழுத்துதான். சரியாச் சேருதான்னு பாக்க ரெண்டு வரிதான் இருக்கும். அம்புட்டு லேசா கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்கள்ல?”

அவள் சொன்னது சரிதான். வேறொரு நாளாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

“ஆமாம்மா” என்றார் உம்மு சல்மா. பிடித்த கையை விடாமல் அழுதார்.