அப்பாவின் கான்கிரீட்

எங்கள் வீடு உண்மையில் இரண்டு வீடு. தெருவைப் பார்த்து நின்றது பழசு. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது புதுசு. பழசைக் கட்டியவர் அப்பாவின் தாத்தா. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்திரம், உத்திரத்தின் மேல் கட்டைகள், கட்டைகளின் மேல் செங்கலை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பு கொட்டிய மட்டப்பாக் கூரை. புதுசைக் கட்டியவர் அப்பா. ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, மூன்றுக்கும் மேலே ஒரே கான்கிரீட் கூரை. அது எழும்பியபோது நான் இரண்டாம் வகுப்பு. எனக்கு முடி நரைத்த பிறகும் அதற்குப் பெயர் புதுசுதான்.

அப்பா தென்காசியில் சிமெண்ட் வியாபாரம் செய்தார். அவருக்கு உலகம் இரண்டு காலம்: சிமெண்டுக்கு முன், சிமெண்டுக்குப் பின். முதல் காலத்து மனிதர்கள் மீது அவருக்கு இரக்கம் உண்டு. அந்த இரக்கத்தில் பழைய வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் சிமெண்ட் பூசினார். மட்டப்பா ஒழுகிய ஒவ்வொரு சாரலுக்குப் பிறகும் அதன் மேல் ஒரு சிமெண்ட் தளம் போட்டார். அது மீண்டும் ஒழுகியது. அவர் மீண்டும் போட்டார். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

அம்மா இறந்த பிறகு நானும் அவரும் மட்டும். அவர் புதுசில் படுப்பார், நான் பழசில். குற்றாலத்திலிருந்து வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் வேறொரு வீட்டைக் கட்டிக்கொண்டே வருவேன். பீரோவை ஒட்டி வைத்தால் ஒட்டி நிற்கிற, மேடுபள்ளமில்லாத சுவர், மேலிருந்து எதுவும் உதிராத கூரை, என்னைத் தெரியாத தரை. பழைய வீட்டின் மேல் எனக்கு எந்தப் பாசமும் இருக்கவில்லை. ஆகவே பழசை இடித்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாகக் கட்டி, தன் அறையோடு சேர்த்துவிடலாம் என்று அப்பா சொன்னபோது எனக்கும் சம்மதம். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி போனில் ஒரே வார்த்தை சொன்னான்.

"எல்லாத்தையும் இடிங்கக்கா."

"பின்னால உள்ளத எதுக்குல இடிக்கணும்? அது இன்னும் நூறு வருசம் நிக்கும்," என்றார் அப்பா, போனை வாங்கி.

இடிப்பவர் ஆய்க்குடிப் பக்கத்துக்காரர். இடிக்கிற வீட்டில் கிடைக்கும் கதவு, நிலை, மரம், செங்கல் எல்லாம் விற்பவர். வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார், கோயில் கோபுரம் பார்க்கிற மாதிரி. உத்திரத்தைக் கம்பால் தட்டினார். கதவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணேமுக்கா லட்சம் நான் தருதேன் அண்ணாச்சி. இடிச்சு, அள்ளி, எடத்தத் தொடச்சுக் குடுத்துருவேன்."

அப்பா அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வியாபாரி. விற்காத பொருளுக்கும் விலை கேட்காமல் இருக்க முடியாது.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். பின்னால உள்ளதுக்கு?"

அவர் போய்ப் பார்த்துவிட்டு உடனே வந்துவிட்டார்.

"எழுவதாயிரம்."

"தருவியா?"

"நீங்க தரணும்."

அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். காதில் விழுந்ததைக் கண்ணால் சரிபார்க்கிற மாதிரி.

"மரம்னா ஆள் வருவான் அண்ணாச்சி. கேரளாக்காரன் செங்கோட்டை வரைக்கும் வந்து வாங்கிட்டுப் போறான். சுண்ணாம்புல கெட்டுன செங்கலு முழுசா கழண்டு வரும், அதுவும் ஓடிரும். இந்தக் கான்கிரீட்ட என்ன செய்ய? ஒடைக்க பிரேக்கர் வாடகை, வண்டி வாடகை, கொண்டு கொட்ட எடம் வேற பாக்கணும். உள்ள இருக்க கம்பியப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்."

அந்த ஆள் போன பிறகு அப்பா புதுசின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய சுண்ணாம்பைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறான். தன் சிமெண்டை எடுத்துக்கொள்ளக் காசு கேட்கிறான். மறுநாள் காலையில், இன்ஜினியரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க வேண்டியது புதுசை என்பது எனக்குப் புரிந்தது.

வந்தவள் இலத்தூர்ப் பெண். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் ஒரு பெட்டியோடு வந்தாள். அப்பா காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, இலத்தூரில் யார் வீடு என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அப்பா முகம் மலர்ந்தது.

"ஒங்க வீட்டுக்கு நாந்தானம்மா சிமெண்ட்டு குடுத்தேன்."

"ஆமா அய்யா, அப்பா சொல்லிருக்காவ. அத போன வருசம் இடிச்சிட்டோம்."

அவள் முதலில் பழசைப் பார்த்தாள். சுவருக்குத் தூக்குக் குண்டு விட்டாள். நேராகத்தான் நின்றது. சுவரின் அடியில் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூச்சு பொருமிக்கொண்டிருந்தது. தட்டினால் உள்ளே ஆளில்லாத சத்தம். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கிறது என்றாள். அப்பா வேறு பக்கம் பார்த்தார். உத்திரங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திக்கொண்டே போனாள். நடுவில் எங்கும் இறங்கவில்லை. மேற்குச் சுவருக்குள் நுழையும் முனையில் மட்டும், மூன்று உத்திரங்களில், பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவது மாதிரி இறங்கியது. மலையிலிருந்து வருகிற சாரல் அந்தச் சுவரில்தான் வந்து விழும்.

பிறகு புதுசு. அப்பா முன்னால் நடந்தார்.

அவள் பெட்டியிலிருந்து ஒரு சுத்தியல் மாதிரிக் கருவியை எடுத்துக் கூரையில் வைத்து அழுத்தினாள். அது துள்ளுகிற துள்ளலுக்கு ஓர் எண் காட்டும். நல்ல எண் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"எண்ணு நல்லாத்தான் இருக்கு அய்யா. ஆனா பழைய கான்கிரீட்டுல மேல்தோலு காத்துபட்டு எறுகிரும். அதனால கூடத்தான் காட்டும். இத மட்டும் நம்பக்கூடாது."

அவருடைய கட்டிலுக்கு மேலே, மயிரிழை விரிசல் ஓடிய இடத்தில், உளியால் கொஞ்சம் கொத்தினாள். கம்பி உடனே தெரிந்தது. பூச்சுக்குப் பின்னால் விரற்கடை கான்கிரீட்கூட இல்லாமல், பழுப்பு நிறத்தில், பொருக்குப் பொருக்காக.

"கம்பிக்குக் கீழ கல்லு வைக்காம பலகை மேலயே படுக்க விட்டுக் கொட்டிருக்காங்க."

"அப்ப எல்லாரும் அப்படித்தாம்மா கொட்டுனோம்."

"ஆமா அய்யா. எல்லாத்தையும் இப்ப இடிச்சிக்கிட்டிருக்கோம்."

கொத்திய பள்ளத்தில் ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து மருந்து தெளித்தாள். கான்கிரீட் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிற நிலையில் இருந்தால் ரோஸ் நிறமாகும், அந்தச் சக்தி போயிருந்தால் நிறம் வராது என்றாள். மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம். கம்பியைத் தாண்டி, மிக உள்ளே, ஒரு கோடு மட்டும் ரோஸாகியது. கம்பியைச் சுற்றி ஒன்றும் நடக்கவில்லை.

"பாட்டில்ல மருந்து செத்துப்போயிருக்கும்," என்றார் அப்பா.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போன வாரம் குழாய் மாற்றியபோது பூசிய சிமெண்டின் மேல் தெளித்தாள். அது திருவிழாக் கடை பஞ்சுமிட்டாய் மாதிரிச் சிவந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். "அது என்ன சிமெண்ட்டு?" என்று என்னிடம் கேட்டார்.

கூடத்தில் உட்கார்ந்து அவள் கணக்குச் சொன்னாள். எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டினால் முப்பத்து நான்கு லட்சம் ஆகும். பழசை இடித்துக் கட்டி, புதுசின் கூரையைக் கொத்தித் துருவைச் சுரண்டி, கூடுதல் கம்பி வைத்து மூடினால் இருபத்தொன்பது. அப்படிப் பழுது பார்த்தாலும் கூரைக்கு மிஞ்சினால் பன்னிரண்டு வருட ஆயுள். அதற்கு ஆகிற செலவு புதுக்கூரையின் செலவில் பாதிக்கு மேல். பாதியைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். மூன்றாவது வழி: பழசை வைத்துக்கொண்டு, புதுசை இடித்துக் கட்டுவது. பழசில் மேலே ஏறியிருக்கிற சிமெண்ட் தளங்களைச் சுமை குறைய எடுத்துவிட்டு, சுண்ணாம்பு போட்டுத் தட்டையான ஓடு பதிக்க வேண்டும். கெட்டுப்போன மூன்று உத்திரங்களைக் கழற்றிவிட்டு இரும்பு உத்திரம் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருபத்தொன்று. பழசை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நாற்பது வருடம் தைரியமாக இருக்கலாம்.

பஸ்ஸில் நான் கட்டிய வீடு பதின்மூன்று லட்சம் வித்தியாசத்தில் கரைந்துபோனது. இடிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"வேலை முடியுத வரைக்கும் அய்யா அந்தக் கூரைக்கடியில படுக்க வேண்டாம்," என்று என்னிடம்தான் சொன்னாள். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவர் அங்கேதான் படுத்தார். அவள் ஆள் அனுப்பிக் கூரைக்கு இரும்பு முட்டுகள் கொடுக்க வைத்தாள். கட்டிலைச் சுற்றி நான்கு. அவர் ஒன்றில் சட்டையைத் தொங்கவிட்டார், ஒன்றில் துண்டை. மற்ற இரண்டும் நடந்துபோகும்போது பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கிறது என்றார்.

"அப்பா, முன்னால வந்து படுங்க."

"ஏட்டி, அந்த மரம் எப்ப வெட்டுனதுன்னே தெரியாது. அதுக்கு அடியில என்னையப் படுக்கச் சொல்லுத."

ஒருநாள் சமையலறையில் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டில், ரசத்துக்கு நடுவே, ஒரு ரூபாய் அளவுக் கான்கிரீட் பொருக்கு விழுந்தது. எடுத்து ஓரமாக வைத்தார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது, அந்த இடிக்கிறவனை வரச் சொல் என்றார்.

இடிப்பவர் வந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்தில் கடை திறந்திருந்தது.

"முன்னால உள்ளது நிக்குது. பின்னால உள்ளத மட்டும் எடு. நான் காசு தர மாட்டேன்."

"அண்ணாச்சி, எனக்குக் கட்டுபடியாகாதே."

"உள்ள எத்தன கம்பி கெடக்குன்னு ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கொத்தன் கேட்டதுக்கு மேல போட்டேன்."

"பாதி துருவுல்லா."

"மீதிப் பாதி?"

இடிப்பவர் என்னைப் பார்த்தார். நான் மேற்குச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டி, முனை கெட்ட மூன்று தேக்கு உத்திரங்களும் கழற்றப்படும், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முனையை அறுத்துவிட்டால் மிச்சம் முழு மரம். அவர் போய்ப் பார்த்தார், வந்தார், மெதுவாகத் தலையசைத்தார்.

"சரி அண்ணாச்சி. நீங்களும் தரவேண்டாம், நானும் தரல."

"கம்பிக் கணக்கு சரியாப்போச்சு," என்றார் அப்பா. யாரும் திருத்தவில்லை. அன்றைக்கே அவர் கட்டில் உத்திரத்துக்கு அடியில் வந்துவிட்டது.

ஆனி பிறப்பதற்குள் இடித்து முடிக்க வேண்டும், சாரல் வந்துவிடும். இரண்டு நாள் வேலை என்று சொல்லித்தான் பிரேக்கரோடு வந்தார்கள். கம்பிகளை நோக்கி உடைத்த இடமெல்லாம் பொருக்காக உதிர்ந்தது. கம்பியைத் தாண்டியதும் கான்கிரீட் ஒத்துழைக்க மறுத்தது. பிரேக்கர் உளி ஒன்று மழுங்கியது. இன்னொன்று வரவழைக்கப்பட்டது. வாரம் முடிந்தும் சமையலறைக் கூரையில் முக்கால் பங்கு நின்றுகொண்டிருந்தது. இடிப்பவர் வாசலில் உட்கார்ந்து, தலையில் சிமெண்ட் தூசியோடு, வாடகைக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன எழவக் கலந்து கொட்டுனீங்க அண்ணாச்சி, ஒடையவே மாட்டேங்குது."

அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன்.

"ஏட்டி," என்றார் என்னைப் பார்த்து, "அவருக்கு ஒரு டீ போடு. பாவம், கஷ்டப்படுதாரு."