வாபஸ் வாங்கிய இனிஷியல்

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. நேர்காணலுக்குப் போக அச்சான கட்டுரை ஒன்றாவது வேண்டும். என் கையில் இருந்தது, அச்சுக்குப் போயிருந்த ஒன்றே ஒன்றுதான். கருவாட்டில் எவ்வளவு புரதம் என்று நான் அளந்து, எங்கள் துறைத் தலைவர் எழுதியது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது.

ஊரூர் குப்பத்தில் கருவாடு வாங்கி, அடுப்பில் ஈரம் முழுக்கப் போகும்வரை உலர்த்தி எடை போட்டது நான். அந்த நாற்றத்தோடு பஸ் ஏறி சாந்தோம் வரை போனால், பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும்! அட்டவணைத் தலைப்பில் 'ஈரம் நீக்கியது' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கட்டுரையை அனுப்பியபோது அது இருந்தது.

அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்ததும், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பார்த்தால், தலைப்பில் அந்த இரண்டு சொற்களும் இல்லை. படிக்கிறவர்கள், கடையில் வாங்கும் ஈரமுள்ள கருவாட்டிலேயே இவ்வளவு புரதம் என்று நம்பிவிடுவார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"சார், இதை யாரு எடுத்தா?"

"நான்தாம்மா. திருத்தி அனுப்பறப்ப எடுத்துட்டேன். நம்பர் பெரிசா இருந்தாத்தான் நாலு பேர் பார்ப்பாங்க. விட்டுத் தள்ளு."

"அது பொய் சார்."

"உனக்கு இந்தக் கட்டுரை வேணுமா, வேணாமா?"

வேணும்தான். கொள்ளை ஆசை. ஆனாலும் அன்று சாயங்காலமே டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். கட்டுரையின் பெயர், அட்டவணைத் தலைப்பில் மாற்றம் எனக்குக் காட்டாமல் செய்யப்பட்டது, அளவு தவறாகப் பொருள்படுகிறது, ஆகவே என் பெயரை நீக்கி எழுத்தில் உறுதி செய்யவும். அவ்வளவுதான், திட்டு ஒரு வரிகூட இல்லை. அவருக்கு ஒன்று, பத்திரிகை ஆசிரியருக்கு ஒன்று, இரண்டும் பதிவுத் தபாலில்.

பத்திரிகையிலிருந்து பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் பெயரில் இந்தக் கட்டுரையில் யாரும் இல்லை.'

அட கடவுளே! கட்டுரை போனபோது எனக்குக் கல்யாணமாகவில்லை. பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. இடையில் மாதா கோயிலில் தாலி ஏறி, கையெழுத்தில் கணவரின் எழுத்து ஏறிவிட்டது. பழக்கதோஷத்தில் அதையே போட்டிருக்கிறேன்.

தலைவருக்கும் ஒரு நகல் வந்திருந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாம்மா? நீ இல்லவே இல்லைங்கறாங்க."

ஆதம்பாக்கம் வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நான் யாரைக் கட்டிக்கிட்டேன்? அந்தப் பொண்ணு எங்கே?"

"சிரிக்காதீங்க. அவளைத்தான் தேடிப் பிடிக்கப் போறேன்."

கோயில் கொடுத்த திருமணச் சான்றிதழின் நகலோடு இரண்டாவது கடிதம் போனது. இரண்டு இனிஷியலிலும் கையெழுத்துப் போட்டு, இரண்டும் நானே என்று எழுதினேன். கூடவே ஒரு வரி: உலர்த்தி அளந்தது நான் மட்டுமே, 'ஈரம் நீக்கியது' இல்லாமல் அந்த அட்டவணைக்கு நான் பொறுப்பல்ல.

பத்திரிகை ஆசிரியர் அச்சை நிறுத்திவிட்டுத் தலைவரையே கேட்டார்: இவர் விலகினால் அந்த அளவுகளுக்கு யார் பொறுப்பு? எப்படி அளந்தீர்கள் என்று எழுதுங்கள்.

அவர் எங்கே அளந்தார்? கருவாடு இருந்த அறைக்கே கைக்குட்டையோடுதான் வருவார்.

மறுநாள் என் மேசைக்கு அவரே வந்தார். அதுவரை அவர் வந்ததே இல்லை.

"ரெண்டு வார்த்தைதானே, போட்டுடறேன். நீயும் பேரைத் திரும்பச் சேர்த்துக்கோயேம்மா."

"முதல்ல போடுங்க சார். திருத்தின ப்ரூஃபை நான் பார்க்கணும். அப்புறம் எழுதறேன்."

திருத்திய ப்ரூஃப் வந்தது. தலைப்பில் 'ஈரம் நீக்கியது' கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. ஆய்வுக்கூடமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். வாபஸை வாபஸ் வாங்கி எழுத உட்கார்ந்தபோது தலைவர் எட்டிப் பார்த்தார்.

"எந்த இனிஷியல் போடறது? வீட்டுக்காரரோடதா?"

"எங்க அப்பாவோடது சார். கருவாடு காய வெச்சவ அவதான்."

நேர்காணலில் ஒரு பெரியவர் கட்டுரையையும் விண்ணப்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்தப் பத்திரிகைக்கு வேண்டியவர் போலிருக்கிறது.

"இனிஷியல் வேறயா இருக்கே. பேரை எடுங்கன்னு அச்சையே நிறுத்தின பொண்ணு இதுல யாரு?"

"ரெண்டு பேரும் சார்" என்றேன்.

அறையே சிரித்தது. வேலை எனக்குத்தான்.