டிவியில் வருகிற அக்கா

அக்கா செத்து இரண்டு வருடத்தால் என்னை அத்தானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அதுவரை யாரும் கேட்டு வரவில்லை. வீட்டில் சமைக்க ஒரு ஆள் வேணும், பிள்ளைக்கு ஒரு துணை வேணும் என்று பெரியாட்கள் கதைத்தார்கள். நான் ஓம் என்றேன். கூப்பிடுகிற முறையும் மாறவில்லை. முதலும் அத்தான், பிறகும் அத்தான். அக்காவின் மகளுக்கு நான் முதலும் சின்னம்மா, பிறகும் சின்னம்மா.

அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் வந்து கட்டுகிறபோது கயிறு பிடிக்க வேணும். நான் நண்டுக் கொம்பனிக்குப் போகிறேன். அவித்த நண்டில் சதை எடுக்கிற வேலை. பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மகள் இப்போது வளர்ந்து கொழும்பில் வேலை செய்கிறாள். போன தைப்பொங்கலுக்கு அப்பாவுக்கென்று ஒரு பெரிய டிவி கொண்டு வந்தாள். பழைய டிவி நிப்பாட்டினால் கறுப்பாகக் கிடக்கும். நான் அதன்மேல் ஒரு துணி போட்டு வைத்திருந்தேன். இதற்குத் துணி வேண்டாம் என்றாள்.

"அப்பா, பாத்து முடிய நிப்பாட்டாதேங்கோ. சும்மா விட்டால் காணும். அஞ்சு நிமிசத்தில தானாப் படம் காட்டும்."

தன்னுடைய போன் கணக்கைத்தான் டிவிக்குப் போட்டாள். போனில் அக்காவின் முகத்தைத் தெரிந்தெடுத்து ஒரு ஆல்பம் செய்தாள். அந்த முகம் இருக்கிற படமெல்லாம் தானாக அதற்குள் வந்து சேருமாம். அந்த ஆல்பத்தைத்தான் காட்டச் சொல்லி டிவிக்குக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அக்கா வந்தாள். கோட்டை வாசலில் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுக்கிற அக்கா. நிலாவெளியில் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நிற்கிற அக்கா. பொங்கல் பானைக்கு முன்னால் புகைக்குக் கண்ணைச் சுருக்குகிற அக்கா. கீழே மூலையில் சின்னதாக நேரம் காட்டும். ஒரு படம் மங்கிப் போக அடுத்தது வரும். வருத்தக்காரியாக ஆஸ்பத்திரியில் கிடந்த படம் ஒன்றும் இல்லை. அதையெல்லாம் மகள் கழட்டிவிட்டாள்.

அத்தான் முன்பு வேலையால் வந்தால் செய்தி போட்டு, செய்தி வாசிக்கிறவனோடு சண்டை பிடிப்பார். இப்போது குளித்து, பிளேன்டீயை வாங்கிக்கொண்டு, ரிமோட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதிரையில் இருப்பார். டிவி சும்மா நிற்கும். அவரும் சும்மா இருப்பார். ஐந்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார், அவள் வரும்வரை.

அந்தக் காத்திருப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கொம்பனி பஸ்சால் இறங்கி வருகிறபோது ஒருநாளும் அவர் அப்படிப் பார்த்தது இல்லை.

நான் நாடகம் போட்டுவிடத் தொடங்கினேன். ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் படம் வராது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. நாடகத்தைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன்.

"உந்த நாடகத்தை ஆர் பாக்கிறது?" என்று அத்தான் கேட்டார்.

"நான்தான்."

"நீ குசினிக்குள்ள நிக்கிறாய்."

"எனக்குக் கேக்கும்."

அவர் ரிமோட்டை எடுத்து நாடகத்தை விட்டு வெளியே வந்தார். நான் தேங்காயைத் திருவினேன். தேவைக்கு மேல் திருவிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ராத்தா ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தா. வாசலில் நின்று டிவியைப் பார்த்தா.

"என்ன புள்ள, அக்கா இன்னும் இந்த வீட்டிலதான் குடியிருக்கிறா போல. வாடகை கேளுங்க."

நானும் சிரித்தேன். கறிவேப்பிலையைக் கொப்போடு முறித்துக் கொடுத்தேன்.

சித்திரை வருசத்துக்கு மகள் வந்தாள். மூன்று பேரும் டச்பே கடற்கரைக்குப் போனோம். என்னிடம் ஒரு மஞ்சள் சீலை இருந்தது, அதை உடுத்தினேன். மகள் போனில் படம் எடுத்தாள். பிறகு கொழும்புக்குப் போய்விட்டாள்.

ஒரு கிழமையால், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, அத்தான் முன்னறையிலிருந்து கூப்பிட்டார்.

"இஞ்ச வா! கெதியா வா!"

கத்தியோடு போனேன்.

"உன்ர அக்காவைப் பார். மஞ்சள் சீலையில. என்ன வடிவு, என்ன? இந்தப் படத்தை நான் இதுக்கு முதல் காணேல்ல."

பார்த்தேன். பக்கவாட்டு முகம். காற்றுக்குத் தலைமயிர் பறக்கிறது. கையில் மாங்காய்ப் பொதி.

"அத்தான், அது நான்."

அவர் என்னைப் பார்த்தார். திரும்பி டிவியைப் பார்த்தார். அதற்குள் படம் மாறி அக்கா மானோடு நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரு சாயல்தானே," என்றார்.

அந்தப் படம் எடுக்கிறபோது அவர்தான் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர். வடிவு என்று எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொன்ன அன்றைக்கும் அது அக்காவுக்குப் போய்விட்டது. நான் போய் மிச்ச வெங்காயத்தை வெட்டினேன். கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அது முகத்தைப் பாத்துத் தானாச் சேர்க்கிறது சின்னம்மா. உங்களை அம்மா எண்டு நினைச்சிட்டுது."

வெசாக் லீவுக்கு வந்தபோது போனை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அதில் இரண்டு வட்டம். ஒன்றில் அக்கா. மற்றதில் நான்.

"ஒரே ஆளோ, வேற ஆளோ எண்டு கேக்குது. உங்கட மிச்சப் படத்தில அதுக்குச் சந்தேகமாம்."

"எதை அமத்தினால் என்ன நடக்கும்?"

"ஒரே ஆள் எண்டால் உங்கட படமெல்லாம் அம்மாவோட சேரும். நீங்களும் டிவியில வருவீங்கள். வேற ஆள் எண்டால் சேராது. அந்தக் கடக்கரைப் படத்தையும் நான் கழட்டோணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஆள் எண்டு அமத்தட்டே? டிவியில வந்தால் போதும்தானே?"

அத்தான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓம் என்று சொல்ல மனம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். மஞ்சள் சீலையோடு நான் வருவேன். அவர் வடிவு என்பார். யாரை என்று கேட்காமல் இருந்தால் சரி. என்னால் இருக்க முடியும், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன்.

போனை வாங்கினேன். வேறு ஆள் என்பதை நானே அமத்தினேன்.

மகள் கடற்கரைப் படத்தைக் கழட்டினாள். அடுத்த நாள் போய்விட்டாள். பிறகு அக்கா தனியாக வந்தாள். இரண்டு கிழமை. கடும் எரிச்சல். நானே செய்தது, யாரோடு சண்டை பிடிக்க?

ஒரு பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிறேன். அத்தான் முன்னறையில் மகளோடு போனில் கதைப்பது கேட்டது. அவர் போனை எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார்.

"அந்த மஞ்சள் சீலைப் படத்தைத் திரும்பப் போடேலாதோ?"

"அப்பா, அது சின்னம்மா."

"தெரியும். அதுக்குத்தான் கேக்கிறன்."

மகள் வழி சொன்னாள். "அவவின்ர முகத்தையும் ஆல்பத்துக்குத் தெரிவு செய்தால் வரும். பேர் கேக்கும். சின்னம்மா எண்டு போடட்டே?"

"அவவின்ர பேரைப் போடு," என்றார்.

நான் ஒரு சீலையையே திரும்பத் திரும்ப அலசிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் வேலையால் வந்து, கை கழுவாமலே முன்னறையில் இருந்தேன். அத்தானும் இருந்தார். அக்கா வந்தாள். பிறகும் அக்கா. பிறகும் அக்கா. ஒரு மணித்தியாலம் இருந்தோம். நான் வரவே இல்லை. அவர் எழும்பவும் இல்லை.

"வரும்," என்றார்.

நான் மகளுக்குப் போன் எடுத்தேன். "அக்கான்ர படம் எத்தனை கிடக்கு?"

"நானூறுக்கு மேல இருக்கும். ஏன் சின்னம்மா?"

"என்ர?"

"பதினொண்டு."

"அடுத்த முறை வரேக்க," என்றேன், "ரெண்டு மூண்டு நாள் கூடுதலா நிக்கிற மாதிரி லீவு போட்டுக்கொண்டு வா."