மேக்கணக்கும் அப்பர் அக்கவுண்டும்

இலங்கை மலையகத்தில், அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. அதற்குள்தான் ஜெயலெட்சுமியின் அலுவலகம். அவள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்; பத்திரங்களை மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பவள். சிரித்தால் எதிர் டீக்கடைவரை கேட்கும், கோபம் வந்தால் அதற்கும் மேலே கேட்கும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி இந்த முத்திரையை வாங்கியவள். அதை யாராவது லேசாகப் பேசினால் தொலைந்தார்கள்!

அன்று பொன்மணி அழுதபடி வந்தாள். கல்யாணமான கையோடு புருஷன் ஜீவராஜ் மெல்பனுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனிடம் போக விசாவுக்குத் தமிழ்க் கல்யாணச் சான்றிதழை ஆங்கிலத்தில் தர வேண்டும். கொழும்பில் யாரோ செய்து கொடுத்ததைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு ஒத்துவரவில்லை, சரியானதை அனுப்பு என்று விசா ஆபீசில் கேட்டிருந்தார்கள். கொடுத்த தவணையும் முடியப்போகிறது.

ஜெயலெட்சுமி வாங்கிப் படித்தாள். "கோல்ட் பெல்லா? யாருடி இது?"

"நான்தான்க்கா."

அடுத்த வரியில், விலாசத்தில் இருந்த மேக்கணக்கு, 'அப்பர் அக்கவுண்ட்' ஆகியிருந்தது. கிளிமலைத் தோட்டம் 'பேரட் ஹில்'. ஜெயலெட்சுமி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அழுதுகொண்டிருந்த பொன்மணிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"கணக்குன்னா தோட்டத்துல டிவிசன்னு அந்த மனுசனுக்கு யாரு சொல்றது? அத அப்பர் டிவிசன்னு மாத்தத்தான் வேணும். பேர மாத்தப்படாது, ஒலியத்தான் எழுதணும். பாஸ்போட்ட குடு."

பாஸ்போர்ட்டில் பொன்மணி என்ற பெயரின் கடைசி ஆங்கில எழுத்து ஐ அல்ல, வை. ஜெயலெட்சுமியின் கை பழக்கத்தில் ஐ போடப் போய், சட்டென்று நின்றது. உச்சரிப்பு ஒன்றுதான், ஆனால் பாஸ்போர்ட் சொல்வதே சட்டம். வை போட்டாள்.

தோட்டப் பெயரில்தான் மாட்டிக்கொண்டாள். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த விலாசத்தில் 'கிளென்மோர்'. வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் அது. சனங்களுக்கு என்றைக்கும் கிளிமலைதான், சான்றிதழிலும் அதுதான்.

"கிளென்மோர்னே போட்டுருங்கக்கா."

"சான்றிதழ்ல இல்லாதத எழுதினா என் முத்திரை என்னத்துக்கு?"

கிளிமலை என்று ஒலியைத்தான் எழுதினாள். அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தனியாகப் போட்டு, இத்தோட்டத்தின் பதிவுப் பெயர் கிளென்மோர் என்று எழுதினாள். அதற்குச் சாட்சியாகத் தோட்ட ஆபீசில் ஒரு கடிதம் வாங்கிச் சேர்க்கச் சொன்னாள். பொன்மணி அன்றே அதை வாங்கி, எல்லாவற்றையும் விசா ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரு மழை நாளில் பொன்மணி நனைந்து ஓடி வந்தாள். போனை நீட்டினாள். விசா!

ஜெயலெட்சுமி முதலில் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். கடைசியில் வை. அப்புறம்தான் போட்டாள் ஒரு கூச்சல், டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"புருசன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. மொதல்ல ஒங்ககிட்டதான் ஓடி வந்தேன்."

"கூறுகெட்டவளே! அவன் அங்க தவிச்சுக்கிட்டு கெடப்பான், எடு போன!" என்று திட்டினாள் ஜெயலெட்சுமி. திட்டும்போதே அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.