ஈரத்தில் கரைந்த ஐந்து சொற்கள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குச் செல்போன் சர்வீஸ் கடை. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, நின்றுபோன போனுக்குச் சாஃப்ட்வேர் ஏற்றுவது, இவைதான் வேலை. பதினாறு வருடத்தில் எத்தனையோ பேருடைய போன்களைத் துடைத்து வெறுமையாக்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று மட்டும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

அது கல்வராயன் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஒரு நர்ஸுடைய போன். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. புருஷன் அங்கே விவசாயம் பார்க்க, அந்த அம்மா மட்டும் மலையில் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீழே இறங்கும்போது கடைக்கு வருவார். நான் அவரை சிஸ்டர் என்பேன், அவர் என்னை பாய் என்பார்.

ஒரு ஐப்பசி மாதம், மலைப்பாதை வளைவில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்திருக்கிறார். கையில் சிராய்ப்பு. போனில் கம்பெனி சின்னம் தெரியும், அணையும், மறுபடி தெரியும். அதைத் தாண்டிப் போகவில்லை.

"சாஃப்ட்வேர் புதுசா ஏத்தணும் சிஸ்டர். உள்ள இருக்கிறது எல்லாம் பூடும். பேக்கப் கீதா?"

"போட்டோ எல்லாம் ஜிமெயில்ல ஏறிக்கினுதான் பாய் இருக்கும். நீங்க போடுங்க."

நானும் போட்டுவிட்டேன். முக்கால் மணி நேர வேலை. போட்டோ வந்தது, போன் நம்பர்கள் வந்தன, வாட்ஸ்அப் பேச்சுகள் வந்தன. சந்தோஷமாக பஸ் ஏறிப் போனார்.

நாலாம் நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே கடை வாசலில் நின்றார். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் சின்ன டைரி.

"பாய், இதுல பிட்காயின் வெச்சிருந்தேன். அந்த ஆப்ப மறுபடி ஏத்துனா பன்னெண்டு வார்த்தை கேக்குது."

குவைத்தில் இருக்கும் அவருடைய தம்பி சொல்லி, நாலு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. வாங்கிய எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிலேயே வைக்காதே, உன் போனிலேயே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்று என்று சொன்னதும் தம்பிதான். வாலட் ஆப்பைப் போட்ட அன்று அதைத் திறக்கும் ஒரே சாவியாகத் திரையில் வந்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை, நம்பர் போட்டு, ஜெல் பேனாவால் அந்த டைரியில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார். போட்டோ எடுக்கக் கூடாது, யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஆப்பே சொன்னதால் அப்படியே செய்திருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகி அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியது மட்டும் அவருக்குத் தெரியாது.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆறு சொற்கள் தெளிவாக இருந்தன. ஒன்றில் முதல் மூன்று எழுத்து மட்டும். மீதி ஐந்தும் நீலக் கறையாகப் பரவிக் கிடந்தன.

அதுவரை எனக்கும் இதைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு வீடியோ கால் போட்டேன். அவன் முதலில் சொன்னது, "மாமா, எழுதினது இன்னான்னு எனக்குக்கூட காட்டாதீங்க." பிறகு விளக்கினான். அந்தச் சொற்கள் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு சொல் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து மட்டுமே வரும். முதல் நாலு எழுத்து தெரிந்தால் போதும், சொல் எது என்று உறுதியாகிவிடும்.

பட்டியலை இறக்கிக்கொண்டு, போர்டு பார்க்கும் லென்ஸை டைரிமேல் வைத்து, நானும் சிஸ்டரும் மதியம்வரை உட்கார்ந்தோம். மூன்றெழுத்து தெரிந்த இடத்துக்கு ஐந்து சொற்கள் பொருந்தின. கார்டன், கார்லிக் என்று ஒவ்வொன்றாக அவர் வாய்விட்டுப் படித்தார். மற்ற ஐந்து இடத்திலும் ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன், பக்கத்தின் பின்புறம் பேனா அழுத்திய தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஜெல் பேனா அழுத்தாது.

"ஒண்ணு ரெண்டு போயிருந்தா என் லேப்டாப்புலயே எல்லாத்தையும் போட்டுப் பாத்துடலாம் மாமா," என்றான் அவன். "மூணு போயிருந்தாகூட கஷ்டப்பட்டுப் பாக்கலாம். அஞ்சுன்னா கோடி கோடியா போட்டுப் பாக்கணும். நம்மளால ஆவாது."

"போனுல முன்னாடி இருந்ததத் திரும்ப எடுக்க முடியாதா?" என்று சிஸ்டர் கேட்டார்.

அதற்கு நானே பதில் சொன்னேன். இப்போது வரும் போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டி எழுதப்பட்டிருக்கும். துடைத்தபோது சாவியும் சேர்ந்து அழிந்துவிட்டது. துடைத்தது என் கை.

வாலட் கம்பெனிக்கு எழுதினால்? அவர்களிடம் அந்தச் சொற்கள் கிடையாது, இருக்கவும் கூடாது, அதுதான் அதன் அமைப்பு என்றான் தங்கை மகன். எக்ஸ்சேஞ்சில் மிச்சமிருந்த சில்லறைக் கணக்கு மட்டும் பான் கார்டும் ஆதாரும் முகத்தின் வீடியோவும் கொடுத்ததில் ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. அதில் வாலட்டுக்கு அனுப்பிய முகவரியும் பதிவாகியிருந்தது. அதை இணையத்தில் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவருடைய காயின் முழுதாக, யாரும் தொடாமல் அங்கேயே இருந்தது. தினமும் டூட்டிக்கு நடுவில் அதைத் திறந்து பார்ப்பாராம்.

"கண்ணுக்கு முன்னாடியே கீது பாய். எடுக்கத்தான் முடியல."

மகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்க வைத்திருந்தது என்பதை அன்றுதான் சொன்னார். புருஷனுக்கு இன்னும் தெரியாது.

அடுத்து நடந்ததற்கு நான்தான் காரணம். அந்தப் போனைத் துடைத்தது என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் என்று யூடியூபில் தேடினேன். தொலைந்த வாலட்டை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு சேனல். கீழே நூற்றுக்கணக்கான பேர் நன்றி எழுதியிருந்தார்கள். தங்கை மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த நம்பரைச் சிஸ்டருக்கு அனுப்பினேன்.

சுத்தமான தமிழில் பேசினானாம் அந்த ஆள். தெரிந்த சொற்களைக் கேட்டான், கொடுத்தார். ஆரம்பக் கட்டணம் கேட்டான், அனுப்பினார். மூன்றாம் நாள் ஒரு லிங்க் வந்தது. திறந்தால் அவருடைய காயின் அப்படியே கணக்கில் நின்றது, பச்சை எழுத்தில். சிஸ்டர் போனில் அழுதுகொண்டே சொன்னார், "வந்துட்ச்சி பாய். உங்க புண்ணியம்." நானும் பார்த்தேன். உண்மை என்றே நினைத்தேன். அன்று பக்கத்துக் கடைக்காரருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பச்சையாகத் தெரிந்தது வெறும் படம். உண்மை முகவரியைத் திறந்திருந்தால் காயின் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்று தெரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. காயினை வெளியே எடுக்க வரி கட்ட வேண்டும் என்றான் அந்த ஆள். சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார். பிறகு கணக்கைச் சரிபார்க்க இன்னொரு தொகை. ஒவ்வொரு முறையும் பணம் போன வங்கிக் கணக்கு வேறு வேறு பெயரில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம் கடைக்கு அந்த ஆளே போன் செய்தான். சிஸ்டரிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறான்போல.

"சார், நீங்க அனுப்பின கஸ்டமர் நல்ல கஸ்டமர். இதுமாதிரி இன்னும் ஆளுங்க இருந்தா அனுப்புங்க. உங்களுக்கு இருபது பர்சென்ட்."

அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், கட் செய்தேன். அது ஏமாற்று என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அப்போதே சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். நம்பரைக் கொடுத்தது நான். நானும் பங்கு வாங்கினேன் என்று நினைத்துவிட்டால்? மார்க்கெட்டில் என் பெயர் என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை மலையில் சிக்னல் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை சாயங்காலம்தான் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், அது ஏமாத்து. இனிமே ஒரு ரூபா அனுப்பாதீங்க."

"நேத்துதான் பாய் கடைசியா கட்டுனேன். கோஆப்ரேட்டிவ்ல லோன் போட்டு."

மறுநாள் அவருடன் சைபர் கிரைம் போலீஸிடம் போனேன். முந்தின இரவு விஷயத்தைக் கேட்ட புருஷனும் வந்திருந்தார். வயலில் இருந்து நேராக வந்ததுபோல் வேட்டி விளிம்பில் சேறு. அதிகாரி பெண், முப்பது வயதிருக்கும். பணம் போன கணக்குகளை முடக்கச் சொல்லிப் புகார் பதிவு செய்தார்.

"உடனே வந்திருந்தா ஜாஸ்தி பணத்த நிறுத்தியிருக்கலாங்க. இந்த மாதிரி ஆளுங்க ஒரு மணி நேரத்துல பத்து கணக்கு மாத்திடுவாங்க. அந்த காயின நாங்க எடுத்துத் தர முடியாது, யாராலயும் முடியாது. எடுத்துத் தரேன்னு எவன் சொன்னாலும் திருடன்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் போன் செய்ததைச் சொன்னேன்.

"என்னிக்குப் பண்ணான்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என் போனில் பதிவு இருக்கிறது, கேட்டால் காட்ட வேண்டும். "திங்கக்கிழமை" என்றேன். கம்ப்யூட்டரில் அதை அடித்துக்கொண்டார். சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் போட்டுப் புரிந்துகொண்ட பார்வை அது. புருஷனுக்குப் புரியவில்லை, அவர் ரசீதை மடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம்.

"தெரிஞ்சும் ரெண்டு நாள் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க பாய்?"

பயந்துட்டேன் சிஸ்டர் என்றேன். அவர் புருஷனுடன் சாலையைக் கடந்து போய் உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றார்.

கடைசியாக அனுப்பிய தொகையில் ஒரு துண்டு ஒரு கணக்கில் சிக்கியிருந்தது. கோர்ட் உத்தரவோடு எட்டு மாதம் கழித்து அது கிடைத்தது. மற்றதெல்லாம் போனதுதான். சங்கிலி ஏலத்துக்குப் போனது. என்னால் முடிந்த பணத்தைக் கவரில் போட்டு எலவனாசூர்கோட்டைக்கே கொண்டுபோனேன். புருஷன் வாசலிலேயே நின்று, "வேணாங்க, நீங்க வூட்டுக்குப் போங்க" என்றார். மகள் அந்த வருடம் எங்கேயும் சேரவில்லை. சின்னசேலத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

சிஸ்டர் என் கடைக்கு அதன்பின் வரவில்லை. ஆனால் ஏமாந்தவர்களின் நம்பரை இந்தக் கூட்டம் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும்போல. உங்கள் பணத்தைத் திருடியவனைப் பிடித்துவிட்டோம், திரும்பப் பெறக் கட்டணம் கட்டுங்கள் என்று ஒரு வக்கீல். டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி, முத்திரையோடு கடிதம். வாலட் கம்பெனியின் தமிழ்ப் பிரிவு. மாதத்துக்கு இரண்டு முறையாவது வரும். வந்ததைச் சிஸ்டர் அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புவார். வணக்கம் கிடையாது, வேறு ஒரு சொல் கிடையாது, ஒரு கேள்விக்குறி மட்டும்.

கையில் வேலை எது இருந்தாலும் வைத்துவிட்டு, பார்த்த நிமிடமே பதில் போடுகிறேன். பொய் சிஸ்டர். அனுப்பாதீங்க.